சொல் ஏதுமின்றி வந்த 225 பிக்சல் படம்: கேட்பது பெரிதாக்கவா, தெளிவாக்கவா, அசலைத் தேடவா?

மாசிவீதி பிரேம் கடை

மதுரையில் படங்களுக்குப் பிரேம் போட்டுக் கொடுக்கும் சிறிய கடை நடத்துகிறேன். பெரிய அளவு அச்சுகளை வெளியே ஒரு லேபில் கொடுத்து வாங்குவது வழக்கம். நேற்று இரவு கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு, நான் சேமித்து வைத்திராத ஓர் எண்ணிலிருந்து ஒரே ஒரு படம் வந்தது. வணக்கம் இல்லை, அளவு இல்லை, பெயரும் இல்லை. "என்ன செய்ய வேண்டும் ஐயா?" என்று கேட்டேன். நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை.

படம் கறுப்பு வெள்ளை. கல் மண்டபம் ஒன்றின் உட்புறம். இருபுறமும் சிற்பத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. குறுக்கே சாய்வாக, மங்கிய வெள்ளையில், ஏதோ ஒரு விற்பனைத் தளத்தின் பெயர் மூன்று முறை ஓடுகிறது. கோப்பின் அளவு 225×225 பிக்சல், 11 கேபி. கைப்பேசித் திரையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 300 டிபிஐ கணக்கில் அச்சிட்டால் முக்கால் அங்குலம்தான் வரும்.

இப்படிப் படம் மட்டும் அனுப்புகிறவர்கள் மாதத்தில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மூன்றில் ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது: இதையே பெரிதாக்கிக் கொடுக்க வேண்டும், அல்லது வாட்டர்மார்க்கை நீக்கித் தெளிவாக்க வேண்டும், அல்லது இதன் நல்ல பிரதியை எங்கிருந்தாவது தேடி எடுக்க வேண்டும். மூன்றும் வெவ்வேறு வேலை, வெவ்வேறு கூலி. பதில் வரும்வரை நீங்கள் எதை ஊகித்துத் தொடங்குவீர்கள்? படத்தில் தனிநபர் யாரும் இல்லாததால் இங்கே இணைத்திருக்கிறேன்.

வேகஅச்சு

இதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை, அண்ணா. பெரிதாக்கும் செயலியில் நான்கு மடங்கு ஒருமுறை, மறுபடியும் நான்கு மடங்கு ஒருமுறை ஓட்டினால் 225 முதலில் 900 ஆகும், பிறகு 3,600 ஆகும். 12 அங்குலத்திற்கு 300 டிபிஐ வந்துவிட்டது. வாட்டர்மார்க்கை அதற்கு முன்பே பேட்ச் டூலில் துடைத்துவிடுங்கள். பின்னணி கல் என்பதால் தடம் தெரியாது. எங்கள் கடையில் பிளெக்ஸ் வேலைக்கு வரும் படங்களில் பாதி இந்த நிலையில்தான் வருகின்றன. எவரும் திருப்பிக் கொண்டு வந்ததில்லை.

வேண்டுமானால் அவரிடம், "இதே படத்தை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்" என்று ஒருவரி போடுங்கள். வாட்ஸ்அப்தான் சுருக்கியிருக்கும். அவர் கைப்பேசியில் பெரிய படம் இருக்க வாய்ப்புண்டு.

ஆவணக்காரர்

டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்வது நல்ல பழக்கந்தான், ஆனால் இந்தப் படத்திற்கு அது பயன்படாது. வாட்ஸ்அப் வழக்கமான தரத்தில் அனுப்பும்போது பெரிய படத்தை நீளப் பக்கம் ஏறத்தாழ 1,600 பிக்சலுக்குக் குறைக்கும். 225க்கு அது இறக்காது. ஆகவே இந்தப் படம் வாட்ஸ்அப்பில் ஏறுவதற்கு முன்பே 225ஆகத்தான் இருந்திருக்கிறது. அவரிடம் பெரியது இல்லை.

பிறகு 225×225 என்ற அளவையே கொஞ்சம் கவனியுங்கள். கூகுளின் படத் தேடலில் முடிவுகளாக வரிசையாகத் தெரியும் சிறுபடங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே பரப்புடையவை. சதுரப் படம் என்றால் 225×225, நான்குக்கு மூன்று விகிதம் என்றால் 259×194, மூன்றுக்கு இரண்டு என்றால் 275×183, அகலத்திரை என்றால் 300×168. பெருக்கிப் பாருங்கள், எல்லாமே ஐம்பதாயிரத்தை ஒட்டி வரும். இந்த எண்களில் ஒன்று கண்ணில் பட்டால், அனுப்பியவர் தேடல் முடிவில் அந்தச் சிறுபடத்தையே விரலால் அழுத்திப் பிடித்துச் சேமித்திருக்கிறார், உள்ளே உள்ள பக்கத்தைத் திறக்கவே இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். டாக்குமென்ட்டாக அனுப்பியிருந்தால் `images.jpeg` என்பது போன்ற பெயரும் காட்டிக்கொடுத்திருக்கும். படமாக அனுப்பியதால் வாட்ஸ்அப் அந்தப் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரை வைத்திருக்கும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, படம் இணையத்தில் இருக்கிறது; அவர் வீட்டு ஆல்பத்தில் மட்டும் இருக்கும் படம் அல்ல. இரண்டு, அதைப் பெரிய அளவில் எடுக்க அவருக்குத் தெரியவில்லை. எனவே அவர் வாயால் எதைக் கேட்டாலும், வேலையை அசலைத் தேடுவதில்தான் தொடங்க வேண்டும். பெரிதாக்குவதும் தெளிவாக்குவதும் தேடி ஓய்ந்த பிறகு.

செல்வி, தேனி

எங்கள் வீட்டிலும் இதே சிக்கல் என்பதால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். என் தாய்மாமா சென்ற வாரம் காலமானார். பதினாறாம் நாளுக்கு நினைவஞ்சலி அட்டை அடிக்க வேண்டும். அவர் தனியாக எடுத்துக்கொண்ட நல்ல படம் ஒன்றுகூட இல்லை. உறவினர் ஒருவர் ஒரு திருமணக் குழுப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டார். அதிலும் ஒரு சொல்லும் எழுதவில்லை. மூன்றாவது வரிசையில் மாமாவின் முகம் நகத்தளவு இருக்கிறது. வெட்டி எடுத்தால் 60 பிக்சல் அகலம்கூட இல்லை. ஓரத்தில் அந்த ஸ்டூடியோவின் பெயர் அச்சாகி, அவர் தோள்மேல் விழுகிறது. ஆவணக்காரர் சொன்னபடி கூகுளில் தேடினேன், எதுவும் வரவில்லை. நான் எங்கே தவறு செய்கிறேன்?

ஆவணக்காரர்

தவறு எதுவும் இல்லை, அம்மா. உங்கள் படம் வேறு இனம். அது இணையத்தில் யாரும் வெளியிட்டது அல்ல, ஆகவே தேடுபொறிக்கு அது தெரிய வழியே இல்லை. உங்களுக்கு அசல் என்பது அந்தத் திருமண ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் காகிதப் பிரதி. குழுவில் போட்டவர் அதைக் கைப்பேசியால் படம் பிடித்துப் போட்டிருப்பார். ஆல்பம் யார் வீட்டில் இருக்கிறது என்று அவரைக் கேட்டு, அந்தப் பக்கத்தை ஸ்கேனரில் 600 டிபிஐயில் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு சென்டிமீட்டர் அகல முகம் அதில் 236 பிக்சல் அகலத்தில் வரும். இப்போது உங்களிடம் இருப்பதைப் போல நான்கு மடங்கு. அத்தனையும் உண்மையான விவரம். நினைவஞ்சலி அட்டைக்கு அது போதும்.

பழைய ஸ்டூடியோ

நாற்பது ஆண்டு பிலிம் காலத்திலிருந்து ஸ்டூடியோ வைத்திருந்தவன் என்ற முறையில் செல்விக்கு ஒன்று சொல்கிறேன். படத்தில் அச்சாகியிருக்கும் பெயருள்ள ஸ்டூடியோவுக்கே முதலில் போய்ப் பாருங்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகளைத் தேடிப் பாருங்கள். எங்கள் தலைமுறையில் பலர் கல்யாண நெகட்டிவ்களை ஆண்டு வாரியாக உறையில் போட்டு வைத்திருந்தோம். பலவற்றைக் கரையான் தின்றுவிட்டது, சில இன்னும் இருக்கின்றன. நெகட்டிவ் கிடைத்துவிட்டால் ஆல்பப் பிரதியைவிடவும் முகம் தெளிவாக வரும். உங்கள் மாமாவின் தோள்மேல் விழும் பெயர் உங்களுக்கு இடையூறு அல்ல, அதுதான் முகவரி.

இனி பிரேம் கடைத் தம்பிக்கு. நீங்கள் மூன்று பொருள் சொன்னீர்கள். நான்காவது ஒன்று விட்டுப்போனது. விற்பனைத் தளத்தின் பெயர் குறுக்கே ஓடும் படத்தை ஒருவர் கடைக்கு அனுப்பினால், "இது உங்களிடம் இருக்கிறதா, என்ன விலை?" என்று கேட்பதாகவும் இருக்கலாம். சாமி படத்தைக் காட்டி, "இதே போல் ஒன்று" என்று கடையில் வந்து நிற்பார்களே, அந்த வழக்கம்தான் கைப்பேசிக்கு வந்திருக்கிறது. அவருக்கு அச்சு, பிக்சல் என்ற எண்ணமே இருக்காது. நீலக் குறி விழுந்தும் பதில் வராததற்குக் காரணமும் அதுவாக இருக்கலாம், "என்ன செய்ய வேண்டும்?" என்ற கேள்வி அவருக்கு விளங்கியிருக்காது. எழுதிக் கேட்காமல் காலையில் ஓர் அழைப்பு விடுங்கள்.

மாசிவீதி பிரேம் கடை

நன்றி ஐயா, அழைத்துப் பார்க்கிறேன். இதற்கிடையில் நேற்றிரவே ஆவணக்காரர் சொன்ன வழியில் தேடிப் பார்த்தேன். சுவர்ப்படங்களை இலவசமாகத் தரும் ஒரு தளத்தில் இதே படம் 3,000 பிக்சல் அகலத்தில், வாட்டர்மார்க் இல்லாமல் கிடைத்தது. அங்கும் சதுரம்தான். இதையே அச்சிட்டுவிடலாமா?

ஆவணக்காரர்

அச்சிடுவதற்கு முன் 100 சதவீத அளவில் திறந்து ஒரு தூணின் விளிம்பை மட்டும் பாருங்கள். விளிம்பு நாலைந்து பிக்சல் அகலத்திற்குக் கரைந்து போயிருந்தால், யாரோ சிறிய படத்தை ஊதிப் பெருக்கி ஏற்றியிருக்கிறார்கள். "மிகப் பெரிய படம்" என்ற வரிசையில் முதலில் வருவது அசலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. படத்தையே கொடுத்து அதன் பிரதிகளைத் தேடும் டின்ஐ போன்ற தளங்களில் அளவு வாரியாக அடுக்கிப் பார்க்கிறவர்கள் ஏமாறும் இடம் இது.

கண்ணை நம்பாதவர்கள் கணினியில் இமேஜ்மேஜிக் என்ற கருவியைக் கொண்டு இப்படிச் செய்யலாம். கோப்பைக் கால் பங்காகச் சுருக்கி மீண்டும் நான்கு மடங்கு பெருக்கி, முதல் கோப்போடு வைத்து வித்தியாசத்தைப் படமாக எடுக்க வேண்டும். அகலமும் உயரமும் நான்கால் வகுபட வேண்டும்; இல்லையென்றால் ஓரத்தில் ஓரிரு பிக்சலை வெட்டிக்கொள்ளுங்கள்.

```
magick big.jpg -resize 25% -resize 400% back.png
magick big.jpg back.png -compose difference -composite -auto-level diff.png
```

`diff.png` என்ற படத்தில் தூண்களின் கோடுகளும் சிற்ப விளிம்புகளும் தெளிவாகத் தெரிந்தால், சுருக்கியபோது உண்மையான நுண்விவரம் தொலைந்திருக்கிறது, அதாவது கோப்பில் விவரம் இருந்திருக்கிறது என்று பொருள். மண்டபத்தின் அமைப்பே தெரியாமல், எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக ஜேபெக் இரைச்சல் மட்டும் தெரிந்தால், அந்த 3,000 பிக்சலில் 750 பிக்சலுக்கு மேற்பட்ட விவரம் இல்லை.

மாசிவீதி பிரேம் கடை

செய்து பார்த்தேன். கட்டங்கள் மட்டும்தான் வருகின்றன, அவற்றின் நடுவே மிக மெல்லிய தூண் கோடுகள். அத்துடன் இன்னொன்றும் கண்டேன்: பெரிய படத்தின் இடப்பக்க மேல் மூலையில், சுவரில் ஒரு சாய்ந்த கறை இருக்கிறது. எனக்கு வந்த சிறுபடத்தில் அதே இடத்தில்தான் வாட்டர்மார்க்கின் முதலெழுத்து இருக்கிறது. ஆக, வாட்டர்மார்க் உள்ள படத்தைத் துடைத்து, ஊதி, இலவசம் என்று ஏற்றியிருக்கிறார்கள்.

வேகஅச்சு

அதனால் என்ன? நானும் உங்கள் 225ஐ என் செயலியில் ஓட்டி இணைத்திருக்கிறேன். அந்தத் தளத்தின் படத்தைவிட என்னுடையது எவ்வளவு கூர்மை என்று பாருங்கள். ஒவ்வொரு தூணிலும் செதுக்கல் பளிச்சென்று தெரிகிறது. வாடிக்கையாளருக்கு அழகாக இருந்தால் போதும்.

ஆவணக்காரர்

கூர்மையாக இருப்பதை மறுக்கவில்லை. அந்தக் கூர்மை எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. 225 பிக்சல் அகலத்தில் மண்டபம் முழுவதும் அடங்கியிருக்கும்போது, நடுவில் உள்ள ஒரு தூணுக்குப் பத்துப் பதினைந்து பிக்சல் கிடைக்கும், அந்தத் தூணில் உள்ள சிற்பத்தின் முகத்திற்கு இரண்டோ மூன்றோ கிடைக்கும். அந்த மூன்று புள்ளிகளிலிருந்து ஒரு முகத்தை மீட்க முடியாது. புதிதாக வரையத்தான் முடியும். செயலி தான் பழகிய ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து பொருந்தக்கூடிய ஒன்றை வரைந்து வைக்கிறது. 2020இல் இத்தகைய ஓர் ஆய்வுக் கருவியில் ஒபாமாவின் முகத்தைச் சிறு கட்டங்களாகக் குறைத்துக் கொடுத்தபோது அது ஒரு வெள்ளையரின் முகத்தை வரைந்து தந்தது, பெரிய சர்ச்சையானது. கல் சிற்பத்திற்கு அப்படிக் குரல் கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் இணைத்த படத்தில் வலப்புறம் இரண்டாவது தூணைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிற்பம் இருக்க வேண்டிய இடத்தில் இலைக்கொடி போல ஒன்று சுருண்டிருக்கிறது, அதன் ஒரு கிளை வாட்டர்மார்க் எழுத்தின் வளைவை அப்படியே பின்பற்றுகிறது. துடைத்த மிச்சத்தைச் செயலி செதுக்கல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் தொழிலில் ஒரு நியாயமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். முப்பதடி தள்ளி நின்று பார்க்கும் பிளெக்ஸில் இந்தக் கொடி எவர் கண்ணுக்கும் தெரியாது, அங்கே 300 டிபிஐ தேவையும் இல்லை. பிரேம் போட்ட படத்தை ஒரு முழத் தூரத்தில் நின்று பார்ப்பார்கள், அதுவும் அந்த மண்டபத்தைத் தெரிந்தவர்கள்.

மாசிவீதி பிரேம் கடை

"அந்த மண்டபம்" என்கிறீர்கள். எது என்று தெரிந்துவிட்டதா?

ஆவணக்காரர்

மதுரைக்காரர் நீங்களே கேட்கலாமா! கடையிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபம்; திருமலை நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் கட்டியது. நாம் அங்கே பார்த்துப் பழகிய கடைகளின் தையல் இயந்திரமும் புத்தகக் கட்டும் இல்லாமல் படத்தில் காலியாக இருப்பதால் உங்களுக்கு அடையாளம் தெரியாமல் போயிருக்கும்.

படத்தைக் கண்டடைந்த விதத்தைச் சொல்கிறேன், அடுத்த முறை உதவும். முழுச் சிறுபடத்தையும் கொடுத்துத் தேடினால், வாட்டர்மார்க் உள்ள படங்களும் அவற்றைத் துடைத்த படங்களும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. எழுத்து விழாத கீழ்ப் பாதியை மட்டும் வெட்டிக் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தில், ஒரு வெளிநாட்டு அருங்காட்சியகத்தின் சேகரிப்புப் பக்கம் வந்தது. மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரையில் எடுத்த படங்களில் ஒன்று. அங்கே படம் சதுரமாக இல்லை. விற்பனைத் தளம் தன் பக்கத்தின் வடிவத்துக்காக இருபுறமும் வெட்டிவிட்டது. வெட்டிய பகுதியில் ஒரு முழுத் தூணே இருக்கிறது.

பெயரால் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இன்றைய எழுத்துக்கூட்டலில் `Pudhu Mandapam Madurai` என்று அடித்தால் சுற்றுலாப் படங்கள்தான் குவியும். அந்தக் காலப் படங்கள் அன்றைய எழுத்தில்தான் பட்டியலிடப்பட்டிருக்கின்றன: `Madura`, `Mundapum`, `Choultry`, `Pagoda`. `Tripe Madura 1858` என்று அடித்தாலே வரிசையாக வந்துவிடும். பிரிட்டிஷ் நூலகம், லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் போன்ற இடங்களில் இவருடைய பிரதிகள் இருக்கின்றன. மெட்ரோபாலிடன், பொதுவுடைமையான படங்களைப் பெரிய அளவில் எவரும் இறக்கிக்கொள்ள 2017 முதல் அனுமதிக்கிறது. மற்ற இடங்களின் விதிகள் வேறுபடும், பக்கத்தின் அடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஸ்டூடியோ

டிரைப் என்றால் காகித நெகட்டிவ் ஆயிற்றே! மெழுகேற்றிய காகிதத்தில் எடுத்தவர். ஒவ்வொரு காகிதமும் ஏறத்தாழ 12க்கு 15 அங்குலம். பெரிதாக்கும் கருவி இல்லாமல், நெகட்டிவைத் தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டி, அதே அளவில் அச்செடுப்பார்கள். அந்தக் காகிதத்தின் நார் அச்சில் மெல்லிய பொரிபொரிப்பாக விழும். வேகஅச்சு தம்பியின் செயலி அதை அழுக்கென்று நினைத்து வழித்தெடுத்துவிடும், அல்லது சுவரின் கொத்துவேலை என்று நினைத்துக் கூர்மையாக்கிவிடும். வெளிப்புறக் காட்சிகளில் அவர் வானத்து மேகத்தை நெகட்டிவின் மேலேயே தூரிகையால் தீட்டியிருக்கிறார். அதையும் நாம் கெடுக்கக் கூடாது. அவர் தீட்டியது அவர் படத்தின் பகுதி.

நடுவழி வக்கீல்

ஒரு சந்தேகத்தை யாரும் தொடவில்லை. வாட்டர்மார்க் இருக்கிறது என்றால் உரிமை அவர்களுடையது என்றுதானே பொருள்? அதைத் துடைத்து அச்சிட்டுக் காசு வாங்கினால் கடைக்காரர் மாட்டிக்கொள்ள மாட்டாரா? 2012 திருத்தத்தில் வந்த பதிப்புரிமைச் சட்டப் பிரிவு 65பி, உரிமை பற்றிய தகவலை அறிந்தே நீக்குகிறவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது.

ஆவணக்காரர்

பிரிவைச் சரியாகச் சொல்கிறீர்கள். ஆனால் வாட்டர்மார்க் போட்டதாலேயே உரிமை வந்துவிடாது. இந்தியச் சட்டப்படி 2012 திருத்தம் வரை புகைப்படத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு; இப்போது எடுத்தவரின் வாழ்நாளும் அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டும். 1858இல் எடுத்து அப்போதே வெளியான தொகுப்புக்கு எந்தக் கணக்கிலும் அது முடிந்து தலைமுறைகள் ஆகின்றன. பொதுவுடைமைப் படத்தின்மேல் தன் பெயரை ஓட்டி விற்பது உலகெங்கும் நடக்கிறது. அமெரிக்காவில் கரோல் ஹைஸ்மித் என்ற புகைப்படக்கலைஞர், காங்கிரஸ் நூலகத்துக்குத் தாமே கொடையாகக் கொடுத்த படத்தைத் தம் தளத்தில் பயன்படுத்தியதற்காகக் கட்டணம் கேட்டுத் தமக்கே கடிதம் வர, 2016இல் வழக்குத் தொடுத்தார். வழக்கின் பெரும்பகுதி தள்ளுபடியானது.

நடுவழி வக்கீல்

அப்படியானால் பொதுவுடைமைப் படத்தின் மேல் உள்ள பெயரைத் துடைத்தால் 65பி பாயுமா, பாயாதா?

ஆவணக்காரர்

உரிமை இல்லாத இடத்தில் உரிமைத் தகவல் என்ன என்று நான் வாதிடுவேன். நீங்கள் எதிர்வாதம் வைத்திருப்பீர்கள். கடைக்காரர் அந்த வாதத்துக்குள் போகவே தேவையில்லை. அருங்காட்சியகத்தின் கோப்பில் வாட்டர்மார்க்கே கிடையாது, துடைக்க ஒன்றும் இல்லை. ஆனால் எல்லா வாட்டர்மார்க்கும் இப்படி என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்ற ஆண்டு ஒருவர் எடுத்த கோபுரப் படத்தில் அவருடைய பெயர் இருந்தால், அவரைக் கேட்டுக் காசு கொடுத்து வாங்குவதுதான் அசலைத் தேடுவது.

நடுவழி வக்கீல்

முதல் கேள்வியை நீங்கள் நழுவவிட்டதாகவே நான் கருதுகிறேன். இருக்கட்டும்.

மாசிவீதி பிரேம் கடை

அழைத்துப் பேசிவிட்டேன். பழைய ஸ்டூடியோ ஐயா சொன்னதுதான் சரி, பாதி. புதுமண்டபத்தில் தையல் கடை வைத்திருந்து, பின்னர் கடைகளை மாற்றியபோது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனவர். "இந்தப் படம் உங்களிடம் பெரிதாக இருக்கிறதா?" என்பதுதான் அவருடைய கேள்வி. புதிய கடையில் மாட்டுவதற்கு, 18க்கு 12 அங்குலத்தில் வேண்டுமாம். வாட்டர்மார்க் இருப்பதை அவர் கவனிக்கவே இல்லை. கோயிலின் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணியிருக்கிறார்.

அருங்காட்சியகக் கோப்பை இறக்கினேன். நீளப் பக்கம் 3,600 பிக்சலுக்குச் சற்று மேல். 18 அங்குலத்துக்கு 200 டிபிஐ வருகிறது. 225ஐ அப்படியே இழுத்திருந்தால் பன்னிரண்டரைதான் வந்திருக்கும். இரண்டையும் திரையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். வேகஅச்சு அனுப்பியதில் இலைக்கொடி சுருண்டிருக்கும் இடத்தில், அசலில் தூணோடு ஒட்டி நிற்கும் ஓர் உருவம், இரு கைகளையும் மார்புக்கு நேரே சேர்த்தபடி. படத்தை அவருக்கு அனுப்பியதும் அவரே அழைத்தார். தம்முடைய கடை எந்தத் தூணுக்கு அருகில் இருந்தது என்று சொல்லி, அந்தத் தூண் வெட்டுப்படாமல் வர வேண்டும் என்றார். ஆவணக்காரர் சொன்ன, சதுரத்தில் விடுபட்ட தூண்தான் அது.

இப்போது எனக்கு வேறு கேள்வி. கோப்பு பழுப்பாக, ஓரங்கள் வெளிறி இருக்கிறது. அப்படியே அச்சிடுவதா, கறுப்பு வெள்ளையாக்குவதா?

பழைய ஸ்டூடியோ

பழுப்பை எடுக்காதீர்கள். வெளிறிய ஓரத்தை மட்டும் லேசாக ஏற்றுங்கள். மேட் தாள்.

ஆவணக்காரர்

நான் ஓரத்தையும் தொடமாட்டேன். அது அந்த ஒரு பிரதியின் வெளிறல். ஒரே நெகட்டிவிலிருந்து எடுத்த பல பிரதிகள் பல ஊர்களில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மங்கியிருக்கும். நீங்கள் திருத்தினால் எந்தப் பிரதியிலும் இல்லாத ஒன்று உருவாகும். ஆனால் வாடிக்கையாளரின் சுவர் அது, அவர் சொல்வதே முடிவு.

வேகஅச்சு

அண்ணா, கைகூப்பிய சிற்பத்தைப் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். எனக்கு வரும் பத்தில் எட்டுப் படங்கள் தனிமனிதர் முகம். பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. அசலைத் தேட எந்த அருங்காட்சியகத்துக்கும் போக முடியாது. இரவு பத்து மணிக்குப் படம் வரும், விடிவதற்குள் பேனர் கட்ட வேண்டும். அப்போது என்ன செய்வது என்று ஆவணக்காரர் சொல்லட்டும்.

ஆவணக்காரர்

முகத்தைச் சிறிதாக வையுங்கள். 60 பிக்சல் முகத்தைப் பேனரில் நான்கடி உயரத்துக்கு இழுக்காமல், ஓரடியில் நிறுத்திப் பெயரைப் பெரிதாக எழுதலாம். சாதாரணமாக இழுத்தால் முகம் மங்கும், ஆனால் அவராகவே இருக்கும்.

செல்வி, தேனி

இதில் எனக்கு இரண்டு மனமாக இருக்கிறது. ஆல்பம் கம்பத்தில் ஒரு சித்தி வீட்டில் இருப்பதாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் போக முடியும், அட்டை சனிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இதற்கிடையில் அண்ணன் ஒரு செயலியில் மாமாவின் முகத்தை ஓட்டிக் குழுவில் போட்டார். அத்தை பார்த்து, "நன்றாக இருக்கிறாரே" என்று அழுதார். எனக்கோ அது மாமாவின் கண் இல்லை என்று தோன்றுகிறது. அவருக்கு இடது இமை சற்று இறங்கியிருக்கும், படத்தில் இரண்டும் சமமாக இருக்கின்றன. அத்தைக்குப் பிடித்ததை மாற்றச் சொல்ல வாய் வரவில்லை.

பழைய ஸ்டூடியோ

டச்சிங் பென்சில் காலத்திலும் இந்த வழக்கு உண்டு, அம்மா. இமையைச் சமமாக்கிக் கேட்டவர்களும் உண்டு, சமமாக்கியதற்காகச் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. அட்டையை இரண்டு நாள் தள்ளி அடிக்க அச்சகத்தில் கேட்டுப் பாருங்கள். பதினாறுக்கு இன்னும் நாள் இருக்கிறதே.

வேகஅச்சு

தேனியில் எந்த அச்சகம், அக்கா? தெரிந்தவர் என்றால் நான் பேசிப் பார்க்கிறேன். ஞாயிறு மாலைக்குள் ஸ்கேன் கோப்பு வந்தால், திங்கள் காலையில் 200 அட்டை அடித்துத் தந்துவிடலாம். ஸ்கேனை மட்டும் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அதுவாவது இந்த முறை பயன்படும்.